பழத்துக்கா, பருப்புக்கா? ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் படித்த அனுபவம்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணாவிடமிருந்து சென்ற ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. தோட்டத்துக் காபியையும் மிளகையும் அவர் இணையத்தில் விற்கிறார். அந்தக் கடையின் எண்களைப் படித்துச் சொல்வது சேலத்திலிருந்து நான் செய்யும் வேலைகளில் ஒன்று. படத்தின் கீழே ஒரே வரி: "தம்பி, கார்ட்லதான் ஜனம் விட்டுட்டுப் போகுது. அதை முதல்ல சரி பண்ணணும்."

அது கூகுள் அனலிட்டிக்ஸின் ஃபனல், அதாவது கடைக்கு வந்தவர்களில் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் படம். அதில் ஆறு பட்டைகள், இடமிருந்து வலமாகக் குட்டையாகிக்கொண்டே போயின. 28 நாட்களின் கணக்கு. பட்டைகளின் மேலிருந்த எண்களை அப்படியே தருகிறேன்.

```
view_item          8,000   100%
add_to_cart        1,200   15%
begin_checkout       840   10.5%
add_shipping_info    630   7.9%
add_payment_info     567   7.1%
purchase             252   3.2%
```

பொருளைப் பார்த்தவர், கார்ட்டில் போட்டவர், செக்அவுட்டுக்கு வந்தவர், முகவரி கொடுத்தவர், பணம் கட்டத் தொடங்கியவர், வாங்கி முடித்தவர் என்று வரிசை. அண்ணா எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது புரிந்தது. முதல் படியில் நூற்றுக்கு 85 பேர் போவது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று ஒதுக்கிவிட்டார். அடுத்து 15 என்பது 10.5 ஆகிறது, 4.5 குறைவு. கடைசியில் 7.1 என்பது 3.2 ஆகிறது, 3.9 குறைவு. 4.5 பெரியது, ஆகவே கார்ட்தான் ஓட்டை. கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்தச் சதவீதங்கள் எல்லாமே முதல் படியில் நின்ற 8,000 பேருக்கு உரியவை. அதைப் பட்டையின் மேலே யாரும் எழுதி வைப்பதில்லை.

போனில் இதை விளக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி மேலே போனேன். பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். களத்தில் பார்ச்மெண்ட், அதாவது மேலோடு நீக்காத காபிப் பருப்பு, காய்ந்துகொண்டிருந்தது, ஒருவர் அதைக் கிளறிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும், இவருக்குச் சொல்ல வேண்டியது இவர் களத்திலேயே இருக்கிறது என்று தோன்றியது.

"அண்ணா, நூறு கிலோ பழம் பறிச்சா கடைசியில எவ்வளவு காபி?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. தோலுரித்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மெண்ட் இருபது கிலோ, அதன் மேலோட்டை நீக்கினால் பருப்பு பதினாறு, வறுத்தால் பதினான்குக்குக் கொஞ்சம் குறைவு என்றார். "வறுக்குறதுல எவ்வளவு போச்சு?" என்றேன். "ரெண்டு கிலோவுக்கு மேல." "நூறு கிலோ பழத்துல ரெண்டு கிலோதானே, பரவாயில்லைன்னு விடுவீங்களா?" அவர் தலையை ஆட்டினார். "பழத்துக்கு எதுக்குப் பார்க்கணும்? டிரம்முல போட்டது பதினாறு. பதினாறுக்குத்தான் பார்க்கணும். நூத்துக்கு பதினஞ்சு போகும், அது வழக்கம். முப்பது போச்சுன்னா கருகிடுச்சுன்னு அர்த்தம்."

அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் அதே மாதிரி கணக்குப் போட்டோம். ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குள் வந்தவர் எத்தனை பேர், அடுத்த படிக்குப் போகாதவர் எத்தனை பேர். கார்ட்டில் போட்ட 1,200 பேரில் 360 பேர் செக்அவுட்டுக்கு வரவில்லை, அது 30%. செக்அவுட்டுக்கு வந்த 840 பேரில் 210 பேர் முகவரி தரவில்லை, 25%. முகவரி தந்த 630 பேரில் 63 பேர் பணம் கட்டும் பக்கத்தைத் தொடவில்லை, 10%. பணம் கட்டத் தொடங்கிய 567 பேரில் வாங்கி முடிக்காதவர்கள் 315 பேர். அது 55.6%. முகவரி, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் பொறுமையாக அடித்துக் கொடுத்து, பணம் கட்டக் கை வைத்த ஆட்களில் பாதிக்கு மேல் காணோம். பட்டையில் 3.9 என்று சின்னதாகத் தெரிந்த இடம் இதுதான். பட்டைகள் குட்டையாகிவிட்ட பிறகு எந்தச் சரிவும் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். அதனால் நான் பட்டையின் உயரத்தை நம்புவதே இல்லை, ஆட்களின் எண்ணிக்கையைத்தான் எடுக்கிறேன். கூகுள் அனலிட்டிக்ஸில் பட்டைகளுக்குக் கீழே உள்ள அட்டவணையில் Abandonment rate என்ற பத்தி இந்தக் கணக்கைத்தான் தருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த அட்டவணையை வெட்டிவிட்டுப் பட்டைகளை மட்டும் அனுப்புவார்கள். இவரும் அப்படித்தான்.

முதல் படியில் 85% போகிறதே, விகிதப்படி அதுதானே பெரியது என்று கேட்கலாம். அண்ணா அதை ஒதுக்கியது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் காரணத்தோடு ஒதுக்க வேண்டும். படம் பார்த்து உள்ளே வருபவரும் பணம் கட்டத் தொடங்கியவரும் ஒரே மனநிலையில் இருப்பவர்கள் இல்லை. பழத்திலிருந்து பார்ச்மெண்ட் வரும்போது எண்பது கிலோ போகிறது. அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை, பழத்தின் இயல்பே அதுதான். ஒரு படி வழக்கமாக எவ்வளவு இழக்கும் என்பதை அதே படியின் பழைய கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முந்தைய 28 நாட்களின் கணக்கை எடுத்துப் பார்த்தோம். மற்ற நான்கு படிகளும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் அப்படியே இருந்தன. கடைசிப் படி மட்டும் 41 சதவீதத்திலிருந்து 55.6 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. பலவீனமான படி இதுதான் என்று அப்போதுதான் உறுதியாகச் சொன்னேன்.

இன்னொன்றையும் அப்போது சரிபார்த்தேன். இந்த ஃபனலை இரண்டு விதமாக அமைக்கலாம். முதல் படியில் நுழைந்தவர்களை மட்டும் எண்ணுவது ஒன்று, நடுவில் எந்தப் படியில் நுழைந்தாலும் எண்ணுவது இன்னொன்று. இரண்டாவது வகையில் ஒரு படியில் நிற்பவர்கள் எல்லோரும் முந்தைய படியிலிருந்து வந்தவர்கள் இல்லை, ஆகவே நாங்கள் போட்ட கழித்தலுக்கு அர்த்தம் இருக்காது. எது என்று வெட்டிய படத்தில் தெரியாது. உள்ளே நுழைந்து பார்த்தேன், முதல் வகைதான்.

சரி, பேமெண்ட் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம் என்று இறங்கிக்கொண்டிருந்தபோது, கணக்கு எழுதும் அக்கா எட்டிப் பார்த்தார். "252ஆ? இந்த மாசம் நாங்க முந்நூத்தி எழுபதுக்கு மேல பார்சல் கட்டினோமே?"

அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் நான் தவறான எண்ணைக் கொண்டு வேலை செய்திருப்பேன். வாங்குபவரின் பணத்தைக் கடைக்கு வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயின் கணக்கை இறக்கினோம். அதே 28 நாட்களில் வெற்றியான பணம் 391 முறை. அதில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்லி லிங்க் வழியாகக் கட்டியவர்களையும், ஒரே ஆள் இரண்டாம் முறை கட்டியதையும் போன் நம்பரை வைத்துக் கழித்தோம். ஃபனல் ஆட்களை எண்ணுகிறது, கேட்வே பணப் பரிமாற்றங்களை எண்ணுகிறது. இந்தக் கழித்தலைச் செய்யாமல் இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. மிச்சம் 378 பேர். அதாவது 126 பேர் பணம் கட்டி, காபியும் வாங்கிக் குடித்துவிட்டார்கள், டாஷ்போர்டு மட்டும் அவர்களைக் காணாமல் போனவர்களாக எழுதி வைத்திருக்கிறது. உண்மையில் போனவர்கள் 315 இல்லை, 189. விகிதம் 55.6% இல்லை, 33.3%.

அது எப்படி நடக்கிறது என்று போனில் செய்து பார்த்தோம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு சமூக ஊடகச் செயலியில் விளம்பரம் போடத் தொடங்கியிருந்தார். அந்த விளம்பரத்தைத் தொட்டால் கடை போனின் வழக்கமான பிரவுசரில் திறக்காது, அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். என் போனில் பேமெண்ட் பக்கத்தில் யுபிஐ பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருக்கும் பிரவுசர் யுபிஐ செயலியைக் கூப்பிடவே இல்லை. அக்காவின் போனில் யுபிஐ செயலி திறந்தது, பணமும் போனது, ஆனால் திரும்பி வந்தபோது சமூக ஊடகத்தின் முகப்புதான் இருந்தது. நன்றி சொல்லும் பக்கம் வரவே இல்லை. purchase என்ற நிகழ்வை அந்தப் பக்கம்தான் அனுப்புகிறது. பக்கம் திறக்காவிட்டால் அந்த ஆள் கணக்கில் வரமாட்டார். ஆர்டர் மட்டும் கேட்வேயின் தகவலை வைத்து சர்வரில் தனியாகப் பதிவாவதால் பார்சல் தவறாமல் போயிருக்கிறது.

பிரவுசர் வாரியாகப் பிரித்தபோது எண்களும் அதையே சொன்னன. Android Webview, Safari (in-app) என்று பதிவானவை செயலிக்குள் திறந்தவை. அப்படிப் பணம் கட்ட வந்தவர்கள் 210, purchase பதிவானது 36. வழக்கமான பிரவுசரில் வந்தவர்கள் 357, பதிவானது 216. ஒரு பக்கம் 17.1%, இன்னொரு பக்கம் 60.5%. சராசரியாக ஒரே பட்டையில் கலந்து பார்த்தபோது இது தெரிய வழியே இல்லை.

ஆக ஒரே படியில் இரண்டு ஓட்டைகள். ஒன்று கணக்கின் ஓட்டை, இன்னொன்று நிஜ ஓட்டை. இரண்டையும் தனித்தனியாக அடைத்தோம். பணம் வந்தது என்று கேட்வே சொன்னதும் சர்வரே purchase நிகழ்வை அனுப்பும்படி மாற்றினோம். பக்கமும் அனுப்பி சர்வரும் அனுப்பினால் இரட்டிப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டிலும் ஆர்டர் எண்ணையே transaction_id ஆக வைத்தோம். நிஜ ஓட்டைக்கு, செயலிக்குள் திறந்த பேமெண்ட் பக்கத்தின் மேலே, போனின் பிரவுசரில் திறக்கச் சொல்லி ஒரு பட்டன் வைத்தோம். கார்ட்டில் போட்ட பொருளும் எழுதிய முகவரியும் அழியாமல் கூடவே போகும்படி செய்தோம். இதில்தான் நேரம் அதிகம் ஆனது. முகவரியை இரண்டாம் தடவை அடிக்கச் சொன்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

அடுத்த 28 நாட்கள் முடிந்ததும் அண்ணா மறுபடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், இந்த முறை கீழே உள்ள அட்டவணையோடு. பணம் கட்டத் தொடங்கியவர்கள் 480, வாங்கியவர்கள் 350. "55லேர்ந்து 27க்கு இறங்கிடுச்சு தம்பி!" என்று எழுதியிருந்தார். அவர் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் உடனே போன் செய்தேன். 55.6 என்பது ஆட்களைத் தவறவிட்ட பழைய கணக்கு, புதிய 27.1 எல்லோரையும் எண்ணிய கணக்கு, இரண்டையும் நேராக வைத்துப் பேசக் கூடாது, 33.3லிருந்து 27.1 என்றுதான் நாம் எழுதிவைக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஈரத்தோட எடை போட்டதையும் காஞ்சதை எடை போட்டதையும் ஒண்ணா வைக்கக் கூடாது, அதானே?" என்றார். அதேதான் என்றேன். நோட்டில் 33.3 என்று திருத்திக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, கார்ட்டில் போகிற 30% பற்றிப் பேச அடுத்த ஞாயிறு மேலே வரச் சொன்னார்.