தண்ணீர் பில் எகிறியபோது

சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன் பக்கம் எங்களுக்குப் பழைய தரைவீடு. ஐந்து பேர். தண்ணீர் மாதம் 22 கன மீட்டர் அளவில் ஓடும். அந்த மாத பில்லில் 41 என்று வந்தது. கணவர் மீட்டரைச் சந்தேகப்பட்டார். மாமியார், "உங்க மாமா செடிக்கு விடுற தண்ணியில கப்பலே விடலாம்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக நட்ட முருங்கைக்கு அன்றும் குழாய் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

முதலில் பில்லையே சரியாகப் படித்தேன். எங்கள் வீட்டில் இருப்பது பழைய வகை மீட்டர், ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் ஆள் வந்து படிப்பார். இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. முந்தைய பில்லில் இருந்த 22 மதிப்பீடு, இந்த 41தான் மீட்டரைப் படித்த பிறகு வந்த கணக்கு. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 63. வழக்கப்படி 44 போதும். கூடுதல் 19 கன மீட்டர் இந்த இரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம், கடைசி மாதத்தில் மட்டும் அல்ல.

அப்புறம் தோட்டம். பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்தால் 50 விநாடியில் நிரம்புகிறது, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். மாமா தினமும் இருபது நிமிடம் விடுவது 240 லிட்டர், மாதம் 7 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது எப்போதும் உள்ள செலவு. 22க்குள் அதுவும் அடக்கம். புதிதாகக் கூடியது முருங்கைக்கான ஐந்து நிமிடம் மட்டும். அது மாதம் 1.8 கன மீட்டர். மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மீட்டர் கோளாறா என்று பார்க்க, வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறக்காமல், அதே வாளியில் பத்து தடவை தண்ணீர் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றினோம். மீட்டரில் 101 லிட்டர் ஏறியது. வாளியின் கோட்டை வைத்து அளந்ததற்கு இது போதும். பழைய மீட்டர்கள் தேய்ந்தால் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டுவது அபூர்வம். கணவர் கேட்க நினைத்த மீட்டர் சோதனை தேவைப்படவில்லை.

மிச்சம் கசிவு. இரவு 11 மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு கேட்டருகே உள்ள மீட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தேன். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். சிவப்பில் 312. பக்கத்தில் இருக்கும் குட்டிச் சக்கரம், யாரும் தண்ணீர் தொடாத நேரத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காலை 5 மணிக்கு 452. ஆறு மணி நேரத்தில் 140 லிட்டர். நாளுக்கு 560, மாதத்துக்கு 16.8, ஏறக்குறைய 17 கன மீட்டர். முருங்கையின் 1.8ஐயும் சேர்த்தால் 18.6, கூடுதலாக வந்த 19க்குக் கிட்டத்தட்ட சமம். அதாவது கசிவு தொடங்கி ஒரு மாதம் சுமார் இருக்கும்.

எந்த இடம் என்று பார்க்க, கழிவறைத் தொட்டிகளின் பின்னால் உள்ள வால்வுகளை எல்லாம் மூடினேன். சக்கரம் நின்றது. அதற்கப்புறமும் சுற்றியிருந்தால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ ஓடும் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும். அது பெரிய வேலை. வால்வுகளைத் திரும்பத் திறந்து, தொட்டி நிறைந்ததும், கேசரிக்குப் போடும் கலர் பொடியைக் கரைத்து ஒவ்வொன்றிலும் ஊற்றி, யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அரை மணி நேரத்தில் மாடிக் கழிவறையின் பீங்கானில் ஆரஞ்சுக் கோடு ஒன்று வழிந்தது. சத்தமே இல்லை, தண்ணீர் ஓடுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

இரண்டு காரணம் இருக்கலாம். தண்ணீர் நிரப்பும் மிதவை வால்வு சரியாக அடைபடாமல், வழிந்தோடும் குழாயின் விளிம்பைத் தாண்டி ஊற்றலாம். அப்படியானால் நீர்மட்டம் அந்த விளிம்பில் நிற்கும். எங்களுடையது இரண்டு விரல் கீழே இருந்தது. எனவே அடியில் உள்ள ரப்பர் சீல்தான். தண்ணீரை அடைத்துத் தொட்டியைக் காலி செய்து கழற்றினால், ரப்பர் இறுகி, ஓரம் மடங்கிப் போயிருந்தது. பழையதையே ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கிப் போட்டோம். அன்றிரவு சக்கரம் அசையவில்லை.

மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் கசிவது வீட்டுக்காரர் பொறுப்பு, பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டும். 40 கன மீட்டர் வரை ஒன்றுக்கு 3 வெள்ளி 24 காசு, ஜிஎஸ்டி தனி. 17 கன மீட்டர் சாக்கடையில் போனதற்கு 55 வெள்ளி. அடுத்த மாதம் மதிப்பீட்டு மாதம் என்பதால், இந்த உயர்ந்த அளவை வைத்தே கணக்குப் போட்டுவிடப் போகிறார்களே என்று, பில் அனுப்பும் எஸ்பி நிறுவனத்தின் ஆப்பில் மீட்டர் எண்ணை நானே பதிந்து அனுப்பினேன். அந்த பில் 23 கன மீட்டருக்கு வந்தது. முருங்கை இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.