தடுப்பூசி புத்தகத்து வளர்ச்சி அட்டவணையை எக்செலுக்குக் கொண்டு வந்தது

அக்கா பையனின் எடையை மாதாமாதம் எக்செலில் குறித்துக்கொண்டு வருகிறேன். அதோடு ஒப்பிட, அவனுடைய ஹெல்த் புக்லெட்டில் அச்சிட்டிருக்கும், நூறு குழந்தைகளில் எத்தனை பேர் அந்த எடைக்குக் கீழே இருப்பார்கள் என்று சொல்லும் பெர்சென்டைல் அட்டவணையும் வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகள்தான்: ஒவ்வொரு மாதத்துக்கும் 3, 15, 50, 85, 97 என்று ஐந்து பத்திகள். பக்கத்தை பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, சாய்வைச் சரிசெய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரலில் இதை ஓட்டினேன்:

```
tesseract edai.png out --psm 6 -c tessedit_char_whitelist=0123456789. tsv
```

tsv கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு எண் படிக்கப்படாமல் விட்டுப்போனால் வெறும் டெக்ஸ்டில் மற்ற எண்களெல்லாம் ஒரு பத்தி இடப்பக்கம் நகர்ந்துவிடும், 15-க்கு உரியது 3-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். tsv-யில் ஒவ்வொரு எண்ணுக்கும் left என்று அதன் இடமும் வருவதால், அதை வைத்து எந்தப் பத்தி என்று பிரித்தேன், விட்டுப்போன கட்டம் காலியாகவே நின்றது.

அடுத்த தொல்லை புள்ளி. 6.4 என்பது 64 என்று வரும். எடை அட்டவணையில் மாதப் பத்தியைத் தவிர எல்லா எண்ணுக்கும் புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம்தான், அதனால் படித்த புள்ளியை நம்பவே வேண்டாம், எல்லாப் புள்ளியையும் நீக்கிவிட்டு 10-ஆல் வகுத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் சரிபார்ப்பு. வரிசையில் இடமிருந்து வலம் எண் ஏற வேண்டும், பத்தியில் மேலிருந்து கீழ் ஏற வேண்டும். இது பெரிய தவறுகளைப் பிடிக்கும், ஆனால் போதாது. 50-வது பத்தியில் பையன்களுக்கு 3-ஆம் மாதத்திலிருந்து 6.4, 7.0, 7.5, 7.9. இதில் 7.5 மட்டும் 7.6 என்று படிக்கப்பட்டிருந்தது. 5-ம் 6-ம் சின்ன எழுத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏறுவரிசையும் கெடவில்லை. மாத இடைவெளியைக் கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 0.6, 0.6, 0.3 என்று வந்து அடுத்த மாதம் மறுபடி 0.4-க்கு ஏறியது. சரியான எண்ணுக்கு 0.6, 0.5, 0.4, 0.4 என்று இறங்கிப் போகும். முதல் வருஷத்தில் எடை கூடும் வேகம் பொதுவாக மெதுவாகக் குறைந்துகொண்டே வரும், திடீரென்று குறைந்து மறுபடி ஏறுவது அபூர்வம். அப்படி ஏறினால் போட்டோவைப் பெரிதாக்கி அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

உயர அட்டவணையில் ஏறுவரிசைச் சோதனை ஒரே ஒரு இடத்தில் பொய்யாக அலறும். 24 மாதத்துக்கு பையன்களின் 50-வது அளவு ஒரு வரியில் 87.8 செ.மீ., இன்னொரு வரியில் 87.1. இரண்டுமே சரி. இரண்டு வயது வரை படுக்கவைத்து அளந்த நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து அளந்த உயரம், இரண்டுக்கும் இடையே 0.7 செ.மீ. வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தாமல், அளந்த விதத்துக்கு என்று தனிப் பத்தி சேர்த்து 24-ஐ இரண்டு வரியாகவே வைத்துக்கொண்டேன்.