பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

தங்கை கல்யாண வீடியோ இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டேன். பின் இரண்டும் ஒரே அளவு. லேசாகக் கருகல் வாசனை வந்தது, அவ்வளவுதான். அப்புறம் டிஸ்க் சுற்றவே இல்லை.

அடியில் இருந்த பச்சைப் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். மின்னழுத்தம் ஏறினால் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் டயோடு ஒன்று இருக்கும். அது மட்டும் போயிருந்தால் எடுத்துவிட்டு, சரியான அடாப்டரில் போட்டாலே பல சமயம் ஓடிவிடும். என்னுடையதில் மோட்டாரை ஓட்டும் சிப்பிலேயே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. போர்டை மாற்றியே ஆக வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, போர்டில் பொறித்த எண் அச்சு அசலாக ஒத்துப்போகும் ஒன்றைப் பிடித்தேன். கடைக்காரர், "பழைய போர்டைக் குடுத்துடுங்க சார், நூறு ரூபா குறைச்சிக்கிறேன்" என்றார். ஏனோ கொடுக்கவில்லை. நல்லவேளை.

வீட்டில் மாட்டினேன். மோட்டார் சுற்றியது. சந்தோஷப்படுவதற்குள் டிக், டிக், டிக் என்று தட்டிவிட்டு நின்றுபோனது. கம்ப்யூட்டரில் டிஸ்க்கே தெரியவில்லை. உடனே கரண்டை நிறுத்தினேன். தட்டத் தட்ட, டேட்டாவைப் படிக்கும் ஹெட்டுக்குத்தான் கேடு.

தெருமுனை மொபைல் சர்வீஸ் தம்பிதான் விளக்கினான். ஒரே மாடல் என்றாலும் எந்த இரண்டு டிஸ்க்கின் ஹெட்டும் ஒன்றுபோல இருக்காது. அதனால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, அந்த ஹெட்டுகளுக்கு ஏற்ற அளவுகளை போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டி ரோம் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். டிஸ்க்கை இயக்கும் மீதி ஃபர்ம்வேர் உள்ளே சுழலும் தட்டிலேயே இருக்கிறது. அதைப் படிக்கவே முதலில் இந்த அளவுகள் வேண்டும். வேறொரு டிஸ்க்கின் அளவுகளோடு தேடினால் ஹெட் தடவித் தடவித் தோற்றுப்போகும். எனக்குக் கேட்ட டிக் டிக் அதுதான்.

பழைய போர்டில் யு12 என்று அச்சிட்ட இடத்தில் அந்தச் சிப் இருந்தது. தம்பி ஃபிளக்ஸ் தடவி, சுற்றிலும் டேப் ஒட்டி, ஹாட் ஏரில் சூடாக்கி டுவீசரால் தூக்கினான். புதுப் போர்டின் சிப்பை எடுத்துவிட்டு, முதல் காலைக் காட்டும் புள்ளியைப் பார்த்துப் பார்த்து இதை வைத்தான். திருப்பி வைத்தால் சிப்பே போய்விடும், வேறு பிரதியும் கிடையாது. "அந்த இடம் காலியா இருந்திருந்தா என்கிட்ட வந்திருக்கக் கூடாதுண்ணே. டேட்டா பெரிய சிப்புக்குள்ள இருக்கும், ரிகவரிக்காரங்கதான் பாக்கணும்" என்றான்.

போர்டில் ஹெட்டோடு இணையும் தொடுபுள்ளிகள் கறுத்திருந்ததால் பென்சில் அழிப்பானால் தேய்த்துவிட்டு மாட்டினோம். ஒரு சுற்று, ஒரு மெல்லிய கிர்ர். டிக் சத்தம் இல்லை. டிஸ்க் தன் சரியான கொள்ளளவோடு வந்து நின்றது. வேறு எதையும் திறக்காமல் கல்யாண ஃபோல்டரைத்தான் முதலில் காப்பி போட்டேன்.