மணலுக்குள் இருந்த ஐந்து லிட்டர்: கான்கிரீட் தண்ணீர்க் கணக்கில் நான் கற்றது

கான்கிரீட் தொழில்நுட்பத் தேர்வில் எனக்கு வந்த கணக்கு இது. ஒரு மூட்டை சிமெண்ட், அதாவது 50 கிலோ. நீர்-சிமெண்ட் விகிதம் 0.50. உலர்ந்த நிலையில் மணல் 100 கிலோ, ஜல்லி 200 கிலோ. குவியலில் கிடக்கும் மணலின் மொத்த ஈரம் 6 சதவீதம். அந்த மணலின் உறிஞ்சுதிறன் 1 சதவீதம். ஜல்லி முற்றிலும் உலர்ந்திருக்கிறது. அதன் உறிஞ்சுதிறன் 0.5 சதவீதம். எல்லாச் சதவீதங்களும் உலர்ந்த எடையை வைத்துச் சொல்லப்பட்டவை. மிக்ஸரில் ஊற்ற வேண்டிய தண்ணீர் எவ்வளவு? மணலை எவ்வளவு நிறுத்துப் போட வேண்டும்?

இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டேன். 50-ஐ 0.50-ஆல் பெருக்கினால் 25 கிலோ தண்ணீர். மணலில் 6 கிலோ தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. கழித்தால் 19 லிட்டர். மணல் 100 கிலோ. அடுத்த கேள்விக்குப் போனேன். எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டுதான் கிடைத்தது. 25 என்ற முதல் வரிக்குத்தான் அந்த இரண்டும். விடைத்தாளைப் பார்த்தபோது, இரண்டு வரிக் கணக்கில் மூன்று தவறுகள் செய்திருந்தது தெரிந்தது. அந்த மூன்றையும் இப்போது படிக்கிறவர்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் தவறு, மணலில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் ஒரே தண்ணீராக எண்ணியது. மணல் துகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. உலர்ந்த மணலின் மேல் தண்ணீர் பட்டால் முதலில் அந்தத் துளைகள் குடித்துக்கொள்ளும். அவை நிறைந்த பிறகு வருகிற தண்ணீர்தான் துகளின் மேற்பரப்பில் படலமாக நிற்கும். துளைக்குள் போன தண்ணீர் சிமெண்டுக்குக் கிடைப்பதில்லை. மேற்பரப்பில் நிற்பது மட்டுமே சிமெண்டோடு கலந்து பசையாகிறது. நீர்-சிமெண்ட் விகிதம் என்று நாம் சொல்லும்போது கணக்கில் வருவது இந்தப் பசைத் தண்ணீர் மட்டும்தான். துளைகள் நிறைந்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்திருக்கும் நிலைதான் இதற்கு அளவுகோல். அந்த நிலையில் உள்ள மணல் கலவைக்குத் தண்ணீர் கொடுக்கவும் செய்யாது, கலவையிலிருந்து எடுக்கவும் செய்யாது.

ஆகவே 6 சதவீத ஈரத்தில் 1 சதவீதம் துளைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. சிமெண்டுக்குக் கிடைப்பது மீதி 5 சதவீதம், அதாவது 5 கிலோ. நான் 6 கிலோவைக் கழித்தபோது, சிமெண்டுக்குக் கிடைக்காத ஒரு கிலோ தண்ணீரையும் கிடைப்பதாக எண்ணிக் கழித்திருக்கிறேன்.

இரண்டாவது தவறு, ஜல்லியை மறந்தது. ஈரமான மணல் தண்ணீர் கொடுக்கிறது என்றால், உலர்ந்த ஜல்லி தண்ணீர் எடுக்கிறது. 200 கிலோவில் 0.5 சதவீதம் என்றால் 1 கிலோ. இதைக் கூட்ட வேண்டும். ஆக ஊற்ற வேண்டிய தண்ணீர் 25-இலிருந்து 5-ஐக் கழித்து 1-ஐக் கூட்டினால் 21 கிலோ. ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் என்பதால் 21 லிட்டர்.

மூன்றாவது தவறுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. தண்ணீரைத் திருத்திவிட்டு மணலைத் திருத்தாமல் விடுவது. கலவைக்குத் தேவை 100 கிலோ மணல். குவியலிலிருந்து 100 கிலோ அள்ளினால் வருவது மணலும் தண்ணீரும் சேர்ந்த 100 கிலோ. அதில் உலர்ந்த மணல் 94.3 கிலோதான் இருக்கும். உண்மையான 100 கிலோ மணல் வேண்டுமானால், தராசில் 106 கிலோ காட்டும்வரை அள்ள வேண்டும். தண்ணீரில் எதைக் கழித்தோமோ அது இந்த 106-க்குள் ஏறி வருகிறது. அதனால்தான் இரண்டு திருத்தங்களும் எப்போதும் ஜோடியாகவே போக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால், கழித்த தண்ணீரும் கலவையில் முழுதாக வந்து சேராது.

விடை சரியா என்று தேர்வறையிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை எழுதியபோது இதைத்தான் நம்பினேன். திட்டமிட்ட கலவையின் மொத்த எடையும் தராசில் நிறுத்துப் போடுகிற மொத்த எடையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தண்ணீர் இங்கிருந்து அங்கே இடம் மாறுகிறதே தவிர, புதிதாகத் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. திட்டத்தில் சிமெண்ட் 50, துளை நிறைந்த மணல் 101, துளை நிறைந்த ஜல்லி 201, பசைத் தண்ணீர் 25. கூட்டினால் 377 கிலோ. தராசில் சிமெண்ட் 50, ஈர மணல் 106, உலர்ந்த ஜல்லி 200, ஊற்றும் தண்ணீர் 21, அதுவும் 377. என் பழைய விடையை இதே போல் கூட்டிப் பார்த்தேன்: 50, 100, 200, 19 சேர்ந்து 369. எட்டு கிலோ குறைகிறது. இந்த ஒரு கூட்டலை அன்று செய்திருந்தால் தவறு அங்கேயே தெரிந்திருக்கும்.

திருத்தமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 100 கிலோ ஈர மணலை அள்ளிப் போட்டு, 25 லிட்டரையும் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மணலோடு வருகிற மேற்பரப்புத் தண்ணீர் 4.7 கிலோ. ஜல்லி ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளும். சிமெண்டுக்குக் கிடைப்பது 28.7 கிலோ. 50-ஆல் வகுத்தால் விகிதம் 0.57. காகிதத்தில் 0.50 என்று எழுதிவிட்டு 0.57-இல் கான்கிரீட் போடுகிறோம். வலிமை குறையும், இறுகிய பிறகு நுண்துளைகள் கூடும். கலவை தளர்வாக, கையாள வசதியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. என் 19 லிட்டர் விடையோ எதிர்ப்பக்கம் போகிறது. 19-உம் மணலின் 4.7-உம் சேர்ந்து, ஜல்லி எடுத்தது போக 22.7 கிலோ. விகிதம் 0.45. கலவை விறைத்து நிற்கும். வேலை செய்கிறவர்கள் அளவு பார்க்காமல் ஒரு குடம் ஊற்றிவிடுவார்கள். அதோடு கணக்கே கையை விட்டுப் போய்விடும்.

கேள்வியைப் படிக்கும்போது சொற்களைக் கூர்ந்து பாருங்கள். 'மொத்த ஈரம்' என்றால் உறிஞ்சுதிறனைக் கழிக்க வேண்டும். 'மேற்பரப்பு ஈரம்' என்று இருந்தால் அது ஏற்கெனவே கழிக்கப்பட்ட எண். மறுபடி கழித்தால் பிழை. அதே போல் சதவீதம் எந்த எடைக்குச் சொல்லப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் 530 கிராம் ஈர மணலை உலர்த்தினோம். 500 கிராம் மிஞ்சியது. போன 30 கிராமை 500-ஆல் வகுத்தால் 6 சதவீதம். 530-ஆல் வகுத்தால் 5.66 சதவீதம். இரண்டும் ஒரே மணல்தான். எதனால் வகுத்தோம் என்பதை எழுதாத சதவீதத்தால் பயனில்லை. கேள்வியில் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால், வழக்கப்படி உலர்ந்த எடை என்று எடுத்துக்கொண்டு, அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நான் அப்படி எழுதியதற்குத் திருத்தியவர் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தார்.

அந்த உலர்த்தும் சோதனையைச் செய்முறைத் தேர்விலும் கேட்பார்கள். அடுப்பில் வாணலியை வைத்து மணலைக் கிளறிக்கொண்டே உலர்த்துவது எளிய முறை. மணல் நிறம் வெளுத்து, துகள்கள் ஒட்டாமல் ஓடத் தொடங்கியதும் உலர்ந்துவிட்டது என்று நினைத்து நான் இறக்கிவிட்டேன். ஆய்வக உதவியாளர் குளிர்ந்த கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்து வாணலிக்கு மேலே பிடித்தார். தகட்டில் மெல்லியதாகப் பனி படர்ந்தது. "இன்னும் இருக்கிறது தம்பி, வை" என்றார். இன்னொரு பத்து நிமிடம் வைத்துக் கிளறி நிறுத்தபோது 4 கிராம் குறைந்திருந்தது. அதன் பிறகும் ஒரு முறை சூடாக்கி நிறுத்தோம், எடை மாறவில்லை. அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளும் ஒன்றாக வரும்போதுதான் உலர்ந்த எடை என்று எழுதலாம். அந்த 4 கிராமை விட்டிருந்தால் 504 கிராமை உலர்ந்த எடையாக எழுதியிருப்பேன். ஈரம் 6 சதவீதத்துக்குப் பதில் 5.2 சதவீதமாக வந்திருக்கும்.

முக்கால் சதவீதத்துக்கும் சற்றே கூடுதலான இந்தப் பிழை பெரிதா என்று கேட்கலாம். நம் கணக்கில் மணல் 100 கிலோ. ஈரம் ஒரு சதவீதம் மாறினால் தண்ணீர் ஒரு லிட்டர் மாறும். 50 கிலோ சிமெண்டுக்கு ஒரு லிட்டர் என்றால் விகிதத்தில் 0.02. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்திருந்தால் போதும், வேலையிடத்தில் எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பது உடனே தெரியும். மழை பெய்த மறுநாள் மணல் 3 சதவீதம் கூடுதல் ஈரமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் நேற்றைய அளவையே ஊற்றினால் விகிதம் 0.06 கூடிவிடும்.

மாதிரி எடுக்கிற இடமும் முக்கியம். குவியலின் உச்சி வெயிலில் காய்ந்திருக்கும், அடியில் தண்ணீர் வடிந்து தேங்கியிருக்கும். உச்சியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவிட்டு அடியிலிருந்து அள்ளினால், சோதனை ஒரு மணலுக்கும் கலவை இன்னொரு மணலுக்கும் ஆகிவிடும். பல இடங்களில், மேல்தோலை விலக்கிவிட்டு எடுத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி பிரிக்க வேண்டும். ஈரம் போய்விடாமல் மூடிய பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும்.

பெட்டியால் அளந்து போடுகிற இடங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. ஈர மணல் உப்பும். துகள்களைச் சுற்றி நிற்கிற படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதால், அதே பெட்டிக்குள் மணல் குறைவாகவே அடங்கும். நன்கு நனைந்து மூழ்கிய பின் மணல் மறுபடி படிந்துவிடும். எடைக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் 'பெட்டி அளவு' என்று கேள்வி வந்தால் உப்பல் சதவீதம் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 'எடை அளவு' என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

ஜல்லியில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கணக்கில் அது ஒரு கிலோவை உடனே குடித்துவிடுகிறது. மிக்ஸரில் சில நிமிடங்களுக்குள் முழுவதும் குடிப்பதில்லை. அதனால் முதலில் தளர்வாகத் தெரிந்த கலவை, கொட்டுவதற்குள் இறுகத் தொடங்கும். முந்தைய நாளே ஜல்லியை நனைத்து வடியவிடுவது இதற்காகத்தான். அப்படி நனைத்த ஜல்லிக்கு அந்த ஒரு கிலோவைக் கூட்டக் கூடாது. அதன் மேற்பரப்பிலும் ஈரம் நின்றால் மணலுக்குச் செய்தது போலவே அதையும் கழித்து, ஜல்லியின் எடையையும் கூட்ட வேண்டும். இரண்டாம் முறை எழுதிய தேர்வில் கேட்டதும் இப்படி நனைந்த ஜல்லிதான். கடைசி வரியில் மொத்த எடைகளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த பிறகுதான் விடைத்தாளைக் கொடுத்தேன்.