ஆறு மாதத்துக்குப் பின் வந்த நினைவூட்டல்

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு வீடு மாற முடிவெடுத்த அன்றே, மாதம் 18,000 ரூபா மிஞ்சும் என்றும், கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு 50 நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்பது 80 வீதம் உறுதி என்றும், அவ்வாறு எண்ணியதன் காரணங்களோடு எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து ஒலிக்கும்படி கைத்தொலைபேசியில் நினைவூட்டலும் வைத்தேன்.

அது நேற்று ஒலித்தது. பழைய குறிப்பைத் திறக்குமுன், அன்று என்ன எதிர்பார்த்தேன் என்பதை நினைவிலிருந்து எழுதினேன். இந்தப் படியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். பயணத்துக்கு "ஏறக்குறைய ஒரு மணி நேரம்" என்று நினைவிலிருந்து எழுதினேன், பழைய குறிப்பிலோ 50 நிமிடம் என்றிருந்தது. உண்மையில் பயணத்துக்கு 65 நிமிடம் ஆகிறது. நடந்ததை ஒட்டி என் நினைவே நகர்ந்துவிட்டிருந்தது. 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் சோவியத்துக்கும் போவதற்கு முன் மாணவர்கள் கூறிய கணிப்புகளைப் பின்னர் அவர்களிடமே நினைவுகூரச் சொல்லி, பிஷ்ஹொஃப், பெய்த் ஆகிய ஆய்வாளர்கள் 1975இல் காட்டியதும் இதே நழுவலைத்தான்.

மிஞ்சுவதோ 11,000 ரூபாதான். புகையிரத நேரத்தைச் சரியாகவே கணித்திருந்தேன். நிலையத்திலிருந்து வீடுவரையான தூரத்தையும், இரவில் அதற்கான ஓட்டோக் கூலியையும் காரணங்களில் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. எனவே இதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது, அன்றே விசாரித்து அறிந்திருக்கக்கூடிய விடயம் அது. ஆயினும் 80 வீதம் என்ற என் உறுதி மிகையானதா என்பதை இந்த ஒரு முடிவை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அதற்கு இருபது முப்பது பதிவுகளாவது சேர வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பாக அடுத்த நினைவூட்டலை வைத்திருக்கிறேன்.