பைக்குள் கை விடுவதற்கு முன்

எங்கள் ஸ்க்ராபிள் கழகத் தலைவியாக இருந்த அக்காவின் வரவேற்புரையைப் பற்றி மலரில் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், எவரும் எழுதவில்லை, சரி நானே எழுதுகிறேன். கீழ்ப்பிரிவு மாணவர்களுக்கான பாடசாலைகளுக்கிடையிலான போட்டி அது. அதிபர்களை வரவேற்று முடித்ததும் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "தம்பி தங்கச்சிமார், ஒரு வரிசையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்று தொடங்கினார்.

"கட்டைகளை வை, புள்ளியை உரக்கச் சொல், கடிகாரத்தை அமுக்கு, தாளில் எழுது, அப்புறம்தான் பைக்குள் கை." சின்னவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள், சொல்லை வைத்த கையோடு பைக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஆனால் எதிராளி அந்தச் சொல்லைப் பிழை என்று சேலஞ்ச் பண்ணலாமா என்று யோசிப்பதற்கு இருக்கும் நேரமே கடிகாரம் அமுக்கியதிலிருந்து அடுத்த கட்டை எடுக்கும் வரைதான். சந்தேகம் வந்தால் "ஹோல்ட்" என்று சொல்லிவிடு, அவர் கட்டை எடுக்கக்கூடாது, ஆனால் ஓடுவது உன் 25 நிமிடம், அதனால் அங்கேயே குடியிருக்காதே என்றார். மண்டபமே சிரித்தது. எழுத்தில்லாத பிளாங்க் கட்டையை எந்த எழுத்தாக வைத்தாய் என்று எழுதிக் காட்டு என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

எனக்கு அன்று சேலஞ்ச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை. முதல் சுற்றிலேயே ஒரு மேசையில் பெரிய பையன் ஒருவன் ஏழு கட்டைகளையும் இறக்கி, 50 போனசையும் சேர்த்து புள்ளியைச் சொல்லிவிட்டுப் பையை இழுத்தான். எதிரே இருந்த சின்னப்பெண் "ஹோல்ட்" என்றாள், குரல் பாதிதான் வந்தது. நீளச் சொல்லில் பிழையே இல்லை, அது ஏற்கெனவே இருந்த சொல்லோடு ஒட்டியதில் பக்கவாட்டில் ஓர் இரண்டெழுத்துச் சொல் உருவாகியிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். இரண்டையும் சீட்டில் எழுதித் தந்தாள். அகராதிப் பட்டியலில் அந்தச் சின்னச் சொல் இல்லை. எந்தச் சொல் பிழை என்று நாங்கள் சொல்லக்கூடாது, சீட்டில் எழுதிய சொற்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு குறிதான். நான் பெருக்கல் குறியோடு திரும்பிப் போனேன். ஏழு கட்டைகளும் அவன் தட்டுக்கே திரும்பின, புள்ளி பூச்சியம், முறையும் போயிற்று. அந்த ஹோல்ட் இல்லாமல் அவன் ஒரு கட்டை எடுத்திருந்தால் அந்தப் புள்ளிகள் அத்தனையும் அவனுக்கே நின்றிருக்கும்.

மற்றபடி அன்று நாங்கள் மாரடித்ததெல்லாம் பிளாங்கோடுதான். "எஸ் என்று சொன்னேன்", "இல்லை, ஆர் என்றாய்" என்று இரண்டு பேர் அழும் நிலைக்கு வந்துவிட்டால் நடுவர் எதை வைத்துத் தீர்ப்பது? அடுத்த வருடம் வரவேற்புரை என் தலையில் விழுந்தபோது அக்காவின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன், பிளாங்கை மட்டும் கடைசியிலிருந்து தூக்கி கடிகாரத்துக்கு முன்னால் போட்டேன்: எழுத்தைச் சொல், எழுதிக் காட்டு, பிறகு அமுக்கு.