புதிய வாலிபால் நடுவர்கள் தேவை: ஒரு பயிற்சி முகாமின் நாட்குறிப்பு

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

மாவட்டக் கழகச் செயற்குழு இன்று மாலை கூடியது. பேச்சு முழுக்க நடுவர் பற்றாக்குறைதான். கோடை வந்தால் ஒரே இரவில் இரண்டு மூன்று ஊர்களில் மின்னொளிப் போட்டி நடக்கிறது. ஸ்டாண்டில் ஏறி விசில் ஊத எப்படியாவது ஆள் கிடைத்துவிடுகிறது. ஸ்கோர் மேசையில் உட்காரத்தான் ஆள் இல்லை. போன வாரம் ஓர் ஊரில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவரின் மகனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பையன் கரும்பலகையில் பாயிண்டை மட்டும் ஒழுங்காக எழுதினான். அடுத்து யார் சர்வீஸ் என்று ரெப்ரி கேட்டதற்கு, ஆடுகிறவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள்.

புதியவர்களுக்கு முகாம் நடத்துவது என்று முடிவாயிற்று. அறிவிப்பு எழுதுவதும் பாடம் வகுப்பதும் என் பொறுப்பு.

ஏப்ரல் 25, வெள்ளி

பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "ஆர்வமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம், சான்றிதழ் வழங்கப்படும்" என்று இருந்தது. சான்றிதழுக்காக மட்டும் ஆள் வந்ததில் வியப்பில்லை. இந்த முறை எழுதியது இது:

"மாவட்டத்தில் புதிய வாலிபால் நடுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்க உள்ளோம். 18 வயது நிரம்பிய ஆண்கள், பெண்கள் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும். ஆடிய அனுபவம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. கண்ணாடி அணிபவர்களும் வரலாம். பயிற்சி மே 16, 17, 18 ஆகிய மூன்று நாட்கள், காலை 6 முதல் 10 வரை களத்திலும், 11 முதல் 1 வரை வகுப்பிலும், மாலை 4.30 முதல் மீண்டும் களத்திலும் நடக்கும்.

பாடங்கள்: களமும் வலையும் அளத்தல், விதிகள், விசிலும் கைச்சைகையும், இரண்டாம் நடுவர் பணி, லைன் அம்பயர் பணி, ஸ்கோர்ஷீட் எழுதுதல்.

கட்டணம் ரூ. 750. பெண்களுக்கு ரூ. 400. தமிழில் அச்சிட்ட விதிக்குறிப்பு, விசில், சிவப்பு மஞ்சள் அட்டைகள், பயிற்சிக்கான ஸ்கோர்ஷீட்டுகள், மதிய உணவு இதில் அடங்கும். கட்டணம் பொருளாளரிடம் மட்டும் செலுத்தி ரசீது பெறவும்.

தேர்வு ஜூன் 8. விதிகள் 40, ஸ்கோர்ஷீட் 30, களத்தேர்வு 30 மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 சதவீதம் பெற வேண்டும். தேறியவர்களுக்கு முதலில் தற்காலிகச் சான்றிதழ். ஸ்கோரராகவும் லைன் அம்பயராகவும் மொத்தம் பத்து ஆட்டங்களில் பணியாற்றிய பிறகே மாவட்ட நடுவர் சான்றிதழ். இது மாவட்டத்துக்குள் மட்டும் செல்லும். மாநில நடுவராக மாநிலக் கழகத்தின் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். இந்தப் பயிற்சி வேலைவாய்ப்புக்கோ மாத வருமானத்துக்கோ உறுதி அளிக்காது."

கடைசி வரியை எடுத்துவிடலாமே என்று பொருளாளர் கேட்டார். அது இருந்தே ஆக வேண்டும் என்றேன். போட்டி நடத்தும் ஊர் கொடுப்பது ஒருநாள் படி, அவ்வளவுதான். அதை முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

மே 6, செவ்வாய்

விண்ணப்பம் 31. பெண்கள் ஒன்பது பேர், நான் நினைத்ததைவிட அதிகம். தொலைபேசியில் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் கேள்வி ஒன்றே: "சார், பணம் கட்டிட்டா சர்டிபிகேட் உறுதிதானே?" உறுதியில்லை என்றதும் சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். யோசிக்கட்டும்.

கட்டணம் எதற்கு, இலவசமாக நடத்தினால் என்ன என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். இலவச முகாமில் முதல் நாள் கூட்டம் அலைமோதும், மூன்றாம் நாள் ஸ்கோர்ஷீட் வகுப்பில் நாற்காலி காலியாகக் கிடக்கும். காசு கட்டியவன் மூன்றாம் நாளும் வருவான்.

மே 16, வெள்ளி

அக்னி நட்சத்திரம். காலை 6 மணி வகுப்பு என்பதால் தப்பித்தோம்.

முதல் வேலையாக அளவுகோலைக் கையில் கொடுத்து வலையை அளக்கச் சொன்னேன். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 என்று எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் அளந்தார்கள், சரியாக 2.43. "சரிதான் சார்" என்று கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். பக்கக் கோடுகளுக்கு மேலே அளந்தீர்களா என்றேன். அளந்தால் ஒரு பக்கம் 2.47, மறுபக்கம் 2.46. இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். விதித்த உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடவும் கூடாது. நம் ஊர்க் களங்களில் கம்பத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுவதில்தான் இந்தத் தொந்தரவு. வலை தளர்ந்து நடுவில் தொய்யும். தொய்வைச் சரிசெய்யக் கயிற்றை முறுக்காமல், முனைகளைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். ஓரத்தில் ஸ்பைக் அடிப்பவனுக்கு அந்த நாலு செ.மீ. பெரிய விஷயம்.

வகுப்பில் புதிய விதியைப் பற்றி ஒரே சந்தேகம். 2025 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சர்வீஸ் போடும் அணியின் ஆட்டக்காரர்கள் பந்தை அடிக்கும் நேரத்தில் தங்கள் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். வாங்கும் அணிக்கு அந்தச் சலுகை இல்லை. இது ஊரில் "இனிமேல் ரொட்டேஷனே கிடையாதாம்" என்று பரவியிருக்கிறது. நிற்கும் இடம்தான் தளர்ந்திருக்கிறது. சர்வீஸ் வரிசை அப்படியேதான் இருக்கிறது. பின்வரிசை ஆள் பின்வரிசை ஆள்தான். அவன் முன்னால் நின்றாலும், மூன்று மீட்டர்க் கோட்டுக்குள்ளிருந்து எழும்பி, வலைக்கு மேலே உள்ள பந்தை எதிர்ப்பக்கம் அடித்தால் தவறு. இதை ஆறு பேரை நிற்க வைத்துக் காட்டிய பிறகுதான் முகங்கள் தெளிந்தன.

மே 17, சனி

விசிலும் கைச்சைகையும். முதல் நடுவர் விசில் ஊதினால், முதலில் எந்த அணிக்கு சர்வீஸ் என்று கையைக் காட்ட வேண்டும். அப்புறம் என்ன தவறு, தேவைப்பட்டால் யார் செய்தது. இரண்டாம் நடுவர் ஊதினால் வரிசை மாறும். அவர் தவறைக் காட்டி, ஆளைக் காட்டி, முதல் நடுவர் சர்வீஸ் பக்கத்தைக் காட்டிய பின் அதையே தானும் காட்டுவார். அப்போது முதல் நடுவர் தவறைத் திரும்பக் காட்ட வேண்டியதில்லை. பழகாதவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் காட்டுவார்கள், சில சமயம் எதிரெதிர்ப் பக்கமாக.

மாலையில் இரண்டாம் நடுவர் பயிற்சி. இதுதான் கடினம் என்பது என் அபிப்பிராயம். சர்வீஸ் அடிக்கும்போது வாங்கும் அணியின் பக்கம் நின்று அவர்கள் நிலைகளைப் பார்க்க வேண்டும். வாங்கிய அணி தாக்குதலைத் தொடங்கினால் தடுக்கும் அணியின் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். பந்து போன பிறகும் கண் வலையிலேயே இருக்க வேண்டும். ஒரு ராலி முடிந்ததும் கல்லூரி மாணவர் ஒருவரிடம், "பிளாக் எழும்பியது எத்தனை பேர்? வலையைத் தொட்டார்களா?" என்று கேட்டேன். பந்து உள்ளே விழுந்ததை மட்டும் மிகத் துல்லியமாகச் சொன்னார். அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் தம்பி, நீங்கள் வலையைப் பாருங்கள் என்றேன். அடுத்த ராலியில் ஆட்டக்காரர்கள் வலையைத் தொட்டதற்கு மட்டும் விசில் ஊதச் சொன்னோம், பந்துக்கு ஊதக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. நாலைந்து ராலிக்குப் பிறகு கண் நின்றது.

மே 18, ஞாயிறு

ஸ்கோர்ஷீட். காலைக் களத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டோம். கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினேன்.

ஷீட்டில் ஆறு பத்திகள், ரோமன் எண்ணில். முதல் சர்வீஸ் போடும் 'அ' அணியின் வரிசை: 7, 4, 11, 2, 9, 5. ஏழாம் எண் போட்டு முடித்துவிட்டார். நாலாம் எண் 8 பாயிண்டில் சர்வீஸை இழந்தார். அவர் பத்தியின் கட்டத்தில் 8 எழுதியாயிற்று. எதிரணி 10 வரை போய், பந்தை இழக்கிறது. 'அ' அணிக்கு 9. இப்போது 11ஆம் எண் போட வேண்டும். ஆனால் 2ஆம் எண் போட்டுவிட்டார். ஸ்கோரர் கவனிக்கவில்லை. அவரே தொடர்ந்து போட்டு 10, 11, 12 வரை கொண்டு வந்துவிட்டார். 12-10 என்று இருக்கும்போது எதிரணித் தலைவர் வந்து கேட்கிறார். என்ன செய்வது?

ஆளுக்கொரு பதில். "எதிரணிக்கு ஒரு பாயிண்ட், 12-11" என்றார்கள் பெரும்பாலோர். ஒருவர், "9ஐயும் கழிக்கணும், 8-11" என்றார். இன்னொருவர் மறுபடி சர்வீஸ் போட வைக்கலாம் என்றார்.

9ஆவது பாயிண்ட் தவறு நடப்பதற்கு முன்பே, எதிரணி பந்தை இழந்ததால் வந்தது. அது நிற்கும். தவறான சர்வீஸுக்குப் பிறகு 'அ' அணி எடுத்த மூன்றும் போகும். எதிரணி அந்த இடைவெளியில் பாயிண்ட் எடுத்திருந்தால் அது செல்லும், இங்கே எடுக்கவில்லை. தவறுக்காக எதிரணிக்கு ஒரு பாயிண்ட்டும் சர்வீஸும். ஆக 9-11. ஷீட்டில் மூன்றாம் பத்திக் கட்டத்தில் 9 என்று எழுதி முடிக்க வேண்டும். 11ஆம் எண்ணின் முறை போய்விட்டது. 'அ' அணி மறுபடி பந்தைப் பெற்றால் 2ஆம் எண் போடுவார், இந்த முறை சரியாக.

ஆசிரியை ஒருவர் எழுந்து, "யார் எப்போதிலிருந்து போட்டார் என்று ஸ்கோரருக்கே தெரியவில்லை என்றால்?" என்று கேட்டார். அப்போது தவறு தொடங்கிய நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. பாயிண்ட் எதையும் கழிக்க முடியாது. ஒரு பாயிண்ட்டும் சர்வீஸும் மட்டும் எதிரணிக்கு, 12-11. அதாவது ஸ்கோரர் தூங்கினால் தவறு செய்த அணிக்கு மூன்று பாயிண்ட் லாபம். அதற்கு மேல் யாரும் தூங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தேர்வு. வந்தது 27 பேர். விதித்தாளில் பெரும்பாலோர் எளிதாகத் தேறினார்கள். களத்தேர்விலும் பெரிதாகக் குறை இல்லை. ஒரு செட்டை நேரில் பார்த்து ஷீட் எழுதச் சொன்னதில்தான் பத்துப் பேர் விழுந்தார்கள். ஆள் மாற்றத்தை எழுதும்போது அந்த நேரத்து ஸ்கோரைப் போட மறந்ததே பாதிக்கு மேல் காரணம். ஓர் இளைஞர் ஷீட்டை மிக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார், ஆனால் 25-23 என்று முடிந்த செட்டில் தோற்ற அணிக்குப் பாயிண்ட் வரிசையில் 24 வரை வெட்டப்பட்டிருந்தது. இரண்டு வரிசையையும் கூட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

தேறாதவர்கள் ஸ்கோர்ஷீட் பகுதியை மட்டும் ரூ. 150 கட்டி ஜூலையில் மீண்டும் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

தற்காலிகச் சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பணிப்பதிவுப் புத்தகம் கொடுத்தோம். ஆட்டத்தின் தேதி, செய்த பணி, முதல் நடுவரின் கையெழுத்து என்று மூன்றே பத்தி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பத்து ஆட்டம் முடியட்டும் என்றேன். அந்த ஆசிரியை அடுத்த சனிக்கிழமை மகளிர் ஆட்டத்துக்கு ஸ்கோரராகப் போகிறார். துணைக்கு அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். லைன் அம்பயர்களுக்கு நாலு கொடி தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை, வெள்ளிக்குள் வாங்க வேண்டும்.